கும்பாபிஷேக மலரில் கடை விளம்பரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் கமிட்டியிலிருந்து மலருக்கு விளம்பரம் கேட்டு வந்திருக்கிறார்கள். இதனால் வியாபாரம் ஏதாவது நடக்குமா, இல்லை நன்கொடை என்று நினைத்துக் கொடுத்துவிட வேண்டியதுதானா?

கும்பகோணம் வட்டாரத்தில் ஓர் அச்சகத்தில் பல ஆண்டுகளாக மலர் வேலை பார்க்கிறேன். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் மலரும் கையுமாகக் கடைக்கு வந்த ஆள் என்று யாரையும் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கணக்கில் போட்டால் நஷ்டம்தான்.

மலருக்கு வேறொரு குணம் உண்டு. நாளிதழ் அடுத்த நாளே பஜ்ஜி மடிக்கப் போய்விடும். நோட்டீஸ் தெருமுனைவரைகூடப் போகாது. சுவாமி படம் அச்சான மலரை யாரும் கிழிப்பதில்லை, எடைக்குப் போடுவதற்கும் மனம் வராது. பழைய பஞ்சாங்கத்தோடு பூஜை அலமாரியில் ஏறிவிடும். குடமுழுக்கு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது வழக்கம் என்பதால், அடுத்த மலர் வரும்வரை ஊருக்கு இதுதான் மலர். அதை எடுக்கிறவர் முதலில் நன்கொடையாளர் பட்டியலில் தன் பெயரைத் தேடுவார். அடுத்து விளம்பரங்களைப் புரட்டி, யார் கொடுத்திருக்கிறார்கள், யார் கொடுக்கவில்லை என்று பார்ப்பார். நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்தப் பார்வையைத்தான். கோயில் காரியத்தில் இந்தக் கடையும் நின்றது என்று ஊர் அறிவதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அதை வியாபாரம் என்றும் சொல்லலாம், பக்தி என்றும் சொல்லலாம். இரண்டும் கலந்தது என்று ஒப்புக்கொண்டு எழுதினால் பக்கம் நன்றாக வரும்.

விளம்பரத்தில் என்ன எழுதுவது? எங்களிடம் ஆடித் தள்ளுபடிக்கு அடித்த நோட்டீஸ் இருக்கிறது. அதையே கொடுத்துவிடலாமா?

வேண்டாம். தள்ளுபடி நோட்டீஸின் ஆயுள் ஒரு மாதம், மலரின் ஆயுள் பன்னிரண்டு ஆண்டு. ஐந்து ஆண்டு கழித்து ஒருவர் அலமாரியைத் துடைக்கும்போது "சலுகை இன்னும் மூன்று நாட்களுக்கு மட்டும்" என்று உங்கள் கடை சிரித்துக்கொண்டிருக்கும்.

ஒரு பாத்திரக்கடையின் பக்கம் எப்படி மாறியது என்று சொல்கிறேன். ஒரு மாரியம்மன் கோயில் குடமுழுக்கு மலருக்காக அவர்கள் முதலில் கொடுத்த மேட்டரில் மேலே கட்டைவிரல் அளவுக்கு அம்மன் இருந்தாள். நடுவில் முதலாளியும் இரண்டு மகன்களும் கைகூப்பிய படம். அதன் கீழே 20 சதவீதத் தள்ளுபடி, எவர்சில்வர் முதல் மிக்ஸி வரை பதினெட்டுப் பொருள்களின் பட்டியல், ஐந்து கைப்பேசி எண்கள். எல்லாம் ஒரே பக்கத்தில்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்தக் கோயிலுக்கும் உங்கள் கடைக்கும் என்ன தொடர்பு?" பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் அப்பா காலத்தில் கோயிலுக்கு ஓர் அடுக்கு தீபம் செய்துகொடுத்ததாகச் சொன்னார். வாய்ப்பேச்சை அப்படியே அச்சில் ஏற்றுவது ஆபத்து. கோயிலில் போய்க் கேட்டோம். பூசாரி தீபத்தை எடுத்து வந்து காட்டினார். அடிப்பீடத்தில் 'உபயம்' என்று பெயரும் ஆண்டும் வெட்டியிருந்தது. மாலைப் பூஜைக்கு இன்றும் அதைத்தான் ஏற்றுகிறார்கள்.

பக்கம் அப்போதே முடிந்துவிட்டது. மேலே பிள்ளையார் சுழி, அம்மன் பெயர். நடுவில் அந்தத் தீபத்தின் புகைப்படம் மட்டும். அதன் கீழே ஒரு வரி: "எங்கள் முன்னோர் செய்தளித்த இந்த அடுக்கு தீபம் மாலைதோறும் அன்னையின் சந்நிதியில் ஒளிர்கிறது." பிறகு கடையின் பெயர் பெரிதாக. "பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள், குத்துவிளக்குகள், கோயில் மணிகள்" என்று தொழில் ஒரு வரியில். கடைசியில் முகவரியும் ஒரு தொலைபேசி எண்ணும். மிக்ஸி போய்விட்டதே என்று இளைய மகனுக்கு வருத்தம்தான். ஆனால் மிக்ஸி வாங்க யாரும் மலரைத் திறக்கப்போவதில்லை. வெண்கல மணி செய்ய ஆள் தேடும் இன்னொரு கோயிலின் தர்மகர்த்தா நிச்சயம் திறப்பார்.

உங்களுக்குத் தீபம் போல ஒன்று அமையாமல் போகலாம். அப்போது கடை தொடங்கிய ஆண்டு, தெரு, செய்யும் தொழில், "திருப்பணி சிறக்க வேண்டுகிறோம்" என்ற ஒரு வாக்கியம் போதும். இல்லாத தொடர்பைக் கற்பிக்காதீர்கள். ஊர்க் கோயிலில் பொய் ஒரு வாரம்கூட நிற்காது.

முகவரியில் கதவு எண்ணோடு அடையாளத்தையும் சேருங்கள். கைப்பேசி எண் மாறும், தேரடி மாறாது. எழுத்து பன்னிரண்டு பாயின்டுக்குக் குறைய வேண்டாம், மலரைப் படிப்பவர்களில் கண்ணாடி போட்டவர்களே அதிகம். பணம் செலுத்தும் க்யூஆர் குறியீட்டை அறவே தவிருங்கள். சுவாமி படத்துக்கு அருகில் அதைப் பார்க்கிறவர் கோயில் உண்டியல் என்று நினைத்து நூறு ரூபாய் அனுப்பிவிடுவார். பிறகு அந்த நூறு ரூபாய்க்குக் கமிட்டிக் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

விளம்பரத்தில் சுவாமி படம் போடலாமா? எந்தப் படம் போடுவது?

போடலாம். ஆனால் பிழைகள் அதிகம் நுழைவது இந்த இடத்தில்தான்.

முதலாவது, மூலவர். பல கோயில்களில் மூலவரைப் படமெடுக்க அனுமதி கிடையாது. யாரோ கைப்பேசியில் எடுத்துச் சுற்றுக்கு விட்ட படத்தை உங்கள் பக்கத்தில் போட்டால் அர்ச்சகருக்கும் உங்களுக்கும் மனக்கசப்பு வரும். உற்சவர் படம், கோபுரம், விமானம், தேர் ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கமிட்டியிடமே நல்ல படம் இருக்கும். இணையத்தில் எடுத்த படம் பெரும்பாலும் வேறு ஊர் அம்மனுடையது. அலங்காரத்தைப் பார்த்தே உள்ளூர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது, சின்னங்கள். சிவன் கோயில் மலரில் திருநீற்றுப் பட்டை, பெருமாள் கோயில் மலரில் திருமண் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருமண்ணிலேயே இரண்டு விதம் இருப்பதைத்தான் மறந்துவிடுவார்கள். வடகலைத் திருமண் ஆங்கில 'யூ' எழுத்துப் போலக் கீழே வளைந்து முடியும். தென்கலையில் கீழே மூக்கின் மேல் இறங்கும் பாதம் உண்டு. ஒரு பெருமாள் கோயில் மலரில் எண்ணெய்க் கடை விளம்பரம் ஒன்றுக்குப் படத் தொகுப்பிலிருந்து கைக்குக் கிடைத்த நாமத்தை எடுத்து வைத்தார்கள். கோயில் தென்கலை, வைத்தது வடகலை. அச்சாகி வந்த பிறகுதான் கவனித்தார்கள். அத்தனை பிரதிகளிலும் அந்தப் பக்கத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினோம். ஒட்டியது நாங்கள், கெட்ட பெயர் எண்ணெய்க் கடைக்கு. பெருமாள் கோயில்களில் கும்பாபிஷேகத்தைப் பெரும்பாலும் சம்ப்ரோக்ஷணம் என்பார்கள், அதையும் அழைப்பிதழைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இடம். சுவாமி முகம் பக்கத்தின் உள் ஓரத்துக்குப் போகக் கூடாது. பைண்டிங் மடிப்பு அதை விழுங்கும். நடுப்பக்கத்தில் படம் போட்டு ஸ்டேப்ளர் ஊசி அம்மனின் நெற்றியில் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தின் கீழ்ப்பாதியில், முதலாளி படத்துக்கு அடியில் சுவாமியை வைப்பதும் கண்ணை உறுத்தும். முதலாளி படம் வேண்டும் என்றால் சுவாமியைவிடச் சிறியதாக, கீழே ஒரு மூலையில் இருக்கட்டும். படமே இல்லாமல் பெயர் மட்டும் இருப்பது இன்னும் கம்பீரம் என்பது என் கட்சி.

முழுப்பக்கமா, அரைப்பக்கமா? பின் அட்டை கேட்கலாமா?

பின் அட்டைக்கும் உள் அட்டைகளுக்கும் உள்பக்கத்தைவிடப் பல மடங்கு கேட்பார்கள். பெரும்பாலும் ஊரின் பெரிய நகைக்கடையோ ஜவுளிக்கடையோ அதை எடுத்துவிடும். அவர்களோடு போட்டி போட வேண்டியதில்லை. கமிட்டியிடம் வேறொன்றைக் கேளுங்கள்: ஆண்டு முழுவதுக்குமான பூஜை விவரமும் திருவிழா நாட்களும் எந்தப் பக்கத்தில் வருகின்றன? அதற்கு எதிர்ப்பக்கத்தில் அரைப்பக்கம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தல வரலாற்றை ஒருமுறை படித்து மூடிவிடுவார்கள். பிரதோஷ அபிஷேகம் எத்தனை மணிக்கு, அபிஷேகக் கட்டளைக்கு யாரிடம் சொல்வது என்று பார்க்க அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறப்பார்கள். விலை உள்பக்க விலைதான்.

கால் பக்கத்தில் படம் வைக்காதீர்கள். எழுத்துக்கே இடம் போதாது.

வாட்ஸ்அப்பில் படமும் மேட்டரும் அனுப்பினால் போதுமா?

மேட்டர் போதும், படம் போதாது. மலர் ஏ4 அளவு என்றால் பக்கம் 210 க்கு 297 மில்லிமீட்டர். பின்னணி நிறம் ஓரம் வரை ஓட வேண்டும் என்றால் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு 216 க்கு 303 ஆக அமைப்போம், வெட்டும்போது அந்த ஓரம் போய்விடும். எழுத்தும் முகங்களும் வெட்டுக்கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே இருக்க வேண்டும்.

அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் நீளவாக்கில் 1600 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும். 1600 ஐ 300 ஆல் வகுத்தால் ஐந்தே கால் அங்குலம் சொச்சம். அரைப்பக்கத்துக்குச் சமாளிக்கலாம், முழுப்பக்கத்துக்கு நீட்டினால் அம்மன் முகத்தில் புகை படியும். அதே படத்தை டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்த அளவிலேயே வந்துசேரும். பழைய விளம்பரத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பி "இதையே போடுங்கள்" என்பவர்களுக்கு எங்களிடம் மருந்து இல்லை.

நிறத்தில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். திரையில் தகதகக்கும் தங்க நிறம் நான்கு வண்ண அச்சில் வராது, மண் கலந்த மஞ்சளாகத்தான் விழும். தங்கம் வேண்டும் என்றால் தனி மை அல்லது ஃபாயில், அதற்குத் தனிச் செலவு. மஞ்சளும் குங்குமச் சிவப்பும் நன்றாக வரும், காசும் கூடாது.

புரூஃப் பார்க்கச் சொல்கிறார்கள். என்ன பார்ப்பது?

முதலில் சுவாமியின் முழுப்பெயரை அழைப்பிதழோடு ஒட்டிப் பாருங்கள். "அருள்மிகு", "சமேத", "உடனுறை" எல்லாம் இருக்கிற வரிசையில் இருக்க வேண்டும். அம்பாள் பெயர் விட்டுப்போவது அடிக்கடி நடக்கும்.

அடுத்து எழுத்துச் சிதறல். நீங்கள் கைப்பேசியில் அனுப்பியது யூனிகோடு. பல அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் பக்கம் கட்டுகிறார்கள், மாற்றும்போது எழுத்து உடையும். கொம்பு தள்ளிப்போகும், 'ஸ்ரீ' இரண்டாகப் பிரியும், 'ழ' இருந்த இடத்தில் வேறொன்று உட்காரும். பார்வைக்குச் சரி என்று தோன்றினாலும் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

கடைசியாகத் தொலைபேசி எண். படித்துப் பார்க்காதீர்கள், புரூஃபில் இருக்கும் எண்ணை அடித்துப் பாருங்கள். உங்கள் கடைப் போன் மணி அடித்தால் கையெழுத்துப் போடலாம்.

'வாழ்த்துகள்', 'வாழ்த்துக்கள்' சண்டைக்குள் நான் இறங்குவதில்லை. ஒரே பக்கத்தில் இரண்டும் வராமல் இருந்தால் சரி.

இதற்கு ஜிஎஸ்டி உண்டா? அப்பாவின் நினைவாகப் பெயர் மட்டும் போட்டால் வரி வராது என்று ஒருவர் சொன்னார்.

சொன்னவர் விவரமானவர்தான். பக்தி எது, விளம்பரம் எது என்று வரித்துறை ஒரு கோடு கிழித்திருக்கிறது. 2019 அக்டோபரில் வந்த 116 ஆம் எண் சுற்றறிக்கையின்படி, சமய நிறுவனத்துக்கோ அறநிறுவனத்துக்கோ ஒருவர் நன்கொடை கொடுத்து, நன்றிக்காக அவர் பெயரை எழுதினால், அது அவருடைய தொழிலை விளம்பரப்படுத்தாதவரை ஜிஎஸ்டி இல்லை. தந்தையின் நினைவாகக் கட்டிய கோயில் பகுதியில் பெயர் பொறிப்பதை அந்தச் சுற்றறிக்கையே உதாரணமாகத் தருகிறது. ஆக, "இன்னாரின் நினைவாகக் குடும்பத்தினர்" என்று மட்டும் இருந்தால் நன்கொடை. அதன் கீழே "மொத்த வியாபாரம், சில்லறை வியாபாரம், கிளைகள்" என்று வந்தால் விளம்பரம்.

மலரில் விளம்பரத்துக்கு இடம் விற்பதற்கு 5 சதவீதம் என்று 2022 ஆகஸ்டில் வந்த 177 ஆம் எண் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது. இடத்தை விற்பவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால்தான் அந்த வரியைப் போட முடியும். சிறு கோயில் கமிட்டிகள் பலவற்றுக்குப் பதிவு இருக்காது.

வருமான வரிக்கு, விளம்பரமாகக் கொடுத்தால் அது கடையின் தொழில் செலவு. நன்கொடையாகக் கொடுத்தால் கழிவு கிடைப்பது அந்தக் கோயிலுக்கு 80ஜி வகை அனுமதி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. எதுவாக இருந்தாலும் ரசீதில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். முழுப்பக்க விளம்பரம் வந்திருக்க, ரசீதில் "நன்கொடை" என்று இருந்தால் உங்கள் ஆடிட்டர் முகம் சுளிப்பார். காசோலையைக் கோயில் அல்லது கமிட்டியின் கணக்குப் பெயரில் எழுதுங்கள், தனி மனிதர் பெயரில் வேண்டாம். அறநிலையத்துறைக் கோயில் என்றால் செயல் அலுவலருக்கு இந்த மலர் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கட்சித் தலைவர் படம் சேர்க்கலாமா?

பன்னிரண்டு ஆண்டில் எத்தனை தேர்தல் வரும் என்று எண்ணிப் பாருங்கள்.

எங்களுடையது பிரியாணிக் கடை. கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?

கமிட்டிக்குக் கமிட்டி மாறும், முன்கூட்டியே கேட்பதுதான் மரியாதை. வாங்கிக்கொள்ளும் இடங்களில் ஒரு வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன்: கடைப் பெயரும் ஊரும் மட்டும் வரும், உணவின் படமோ பட்டியலோ வராது. கடைப் பெயரிலேயே பிரியாணி இருந்தால் உரிமையாளரின் பெயரில் "அன்னதான உபயம்" என்று போடுவார்கள். ஊருக்கு ஆள் யார் என்று தெரியும், சாப்பாடும் தெரியும். பெயருக்குக் கீழே உள்ள வெற்றிடத்தை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

பிற மதத்து வியாபாரிகளும் எங்கள் பக்கத்து மலர்களில் கொடுக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் சுவாமி படத்தைக் கமிட்டியாக முடிவு செய்து சேர்த்துவிடாமல், எப்படி வேண்டும் என்று அவர்களையே கேட்பது நல்லது. புகையிலைப் பொருள் என்றால் சட்டமே விளம்பரத்துக்குத் தடை போட்டிருக்கிறது, பேச்சுக்கு இடமில்லை.

கும்பாபிஷேகத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. இப்போது கொடுத்தால் வருமா?

ஏ4 மலரைப் பெரும்பாலும் எட்டு எட்டுப் பக்கங்களாகப் பாரம் கட்டி அச்சிடுகிறோம். பாரம் ஓடிய பிறகு ஒரு பக்கத்தை மட்டும் நுழைக்க வழியில்லை. கடைசிப் பாரத்தில் இடம் இருந்தால் பட்டியல்களுக்கு நடுவே எங்கேயாவது உட்காரும். அந்த இடத்துக்கு முழு விலை கொடுப்பது வீண்.

மலர் எப்போது வெளியாகிறது என்று கேளுங்கள். குடமுழுக்குப் படங்களையும் சேர்ப்பதற்காகச் சில கோயில்களில் 48 நாள் மண்டலாபிஷேக நிறைவன்றுதான் மலரை வெளியிடுகிறார்கள். அப்படியானால் உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பொறுமையாக நல்ல படம் எடுத்துக் கொடுங்கள்.

எத்தனை பிரதி அச்சிட்டார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விளம்பரம் கேட்கும்போது இரண்டாயிரம் பிரதி என்பார்கள், அச்சுக்கு வரும்போது அது ஐந்நூறாக இளைத்திருக்கும். அச்சக பில்லில் எண்ணிக்கை இருக்கும். கமிட்டிப் பொருளாளரிடம் கணக்கு வாசிக்கும் கூட்டத்தில் கேட்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஐந்நூறு என்பதும் மோசமில்லை, அந்த ஐந்நூறும் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. விளம்பரதாரர் பிரதியாக ஒன்றோ இரண்டோ தருவார்கள். கூடப் பத்துப் பிரதி கேட்டு வாங்குங்கள், விலை சொன்னால் கொடுத்தே வாங்குங்கள். வெளியூருக்குப் பெயர்ந்துபோன உள்ளூர்க்காரர்கள் திருவிழாவுக்கு வரும்போது உங்கள் கடைக்கும் எட்டிப் பார்ப்பார்கள், மலர் கிடைக்குமா என்று கேட்பார்கள். கமிட்டியில் தீர்ந்திருக்கும். கல்லாவுக்குப் பின்னால் உங்களிடம் நான்கு இருக்கும்.